180 பிக்சல் லோகோவை 1.8 மீட்டருக்கு இழுத்த அனுபவம்

தூரிகைக்காரன்:
பேனர் கேட்டவரிடம் லோகோ ஃபைல் இல்லை. "எங்க வெப்சைட்லயே இருக்கே, எடுத்துக்கோங்க" என்றார். ரைட் கிளிக் செய்து சேமித்தேன். 180-க்கு 60 பிக்சல், அதுவும் ஜேபெக். பேனரில் லோகோ 1.8 மீட்டர் அகலம் வர வேண்டும். அப்படியென்றால் ஒவ்வொரு பிக்சலும் 10 மில்லிமீட்டர் சதுரம், கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம். இந்தக் கணக்கை நான் போட்டது எல்லாம் கெட்ட பிறகுதான்.

முதலில் பைகியூபிக் என்ற வழக்கமான பெரிதாக்கும் முறையில் பத்து மடங்கு பெரிதாக்கினேன். எழுத்து ஓரங்கள் பனிமூட்டம் போல ஆகிவிட்டன. ஷார்ப்பன் கொடுத்தால் ஓரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு. அப்புறம் ஒரு ஏஐ அப்ஸ்கேலரில் போட்டேன். வட்டமும் பெரிய எழுத்தும் பளிச்சென்று வந்தன, சந்தோஷப்பட்டேன். கீழே சின்னதாக இருந்த வாசகத்தை அதன்பிறகுதான் பார்த்தேன். "எண்ணம்" என்பதில் இருந்த ண ஒரு சுழி குறைந்து ன-வாகிக் கிடந்தது. அச்சுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

சதுரன்:
ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற டிபிஐ 72-ல் இருந்திருக்கும். 300 என்று மாற்றிவிட்டுப் பெரிதாக்கியிருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

கோடுவரைபவர்:
அச்சுக்கு 300 கேட்பார்கள் என்பது சரி. ஆனால் அந்த எண்ணை மட்டும் மாற்றினால் பிக்சல் கூடாது. 180 பிக்சலை 300 டிபிஐ-யில் அச்சடித்தால் 15 மில்லிமீட்டர் லோகோ கிடைக்கும், அவ்வளவுதான். 'ரீசாம்பிள்' டிக்கோடு மாற்றினால் பிக்சல் கூடும். ஆனால் அவை பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்தவை.

ண விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாசகத்தின் எழுத்து உயரம் ஏழு பிக்சல் இருந்திருக்குமா? அந்த உயரத்தில் ண-வின் சுழிகளைத் தனித்தனியாகக் காட்ட இடமே கிடையாது, மூலப் படத்திலேயே அவை ஒரே சாம்பல் பொட்டு. போதாக்குறைக்கு ஜேபெக் பெரும்பாலும் நிறத்தைப் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கும், அதனால் சிவப்பு எழுத்தின் ஓரம் வெள்ளைக்குள் கசியும். இல்லாத தகவலை எந்தக் கருவியும் மீட்காது, ஊகித்து நிரப்பும். வட்டத்தில் ஊகம் தப்பினால் யாருக்கும் தெரியாது. எழுத்தில் தப்பினால் வார்த்தையே மாறும்.

பழையபடம்:
என் அப்பாவின் படம் செய்தி செயலி வழியாக வந்து சின்னதாகிவிட்டது. ஏஐ-யில் போட்டேன், அருமையாக வந்தது. நீங்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறீர்கள்?

கோடுவரைபவர்:
அது முகம், இது லோகோ. புகைப்படத்தையோ நிழல், சாயலோடு தீட்டிய சின்னத்தையோ கையால் திரும்ப வரைய முடியாது, பெரிதாக்கத்தான் வேண்டும். (அப்பாவின் கண் அப்பாவின் கண்ணாகவே இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.) தட்டையான இரண்டு மூன்று நிறம், வட்டம், எழுத்து என்றால் திரும்ப வரைவதே வேகம்.

தேடல்மணி:
வரையும் முன் தேடுங்கள். பக்கத்தின் சோர்ஸில் `.svg` என்று தேடுவேன், அப்புறம் அதே படத்தின் வேறு அளவுகளைப் பட்டியலிடும் `srcset`. தலைப்பில் ஜேபெக் போட்டுவிட்டு அடியில் எஸ்விஜி வைத்திருந்த தளம் பார்த்திருக்கிறேன். அதே நிறுவனம் வெளியிட்ட பிடிஎஃப் கையேட்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் லோகோ ஓரம் உடையவில்லை என்றால் அது பிக்சலாக இல்லாமல் கோடுகளாகச் சேமித்த வெக்டர், இங்க்ஸ்கேப்பில் திறந்து உருவி எடுத்துவிடலாம்.

தூரிகைக்காரன்:
தேடினேன், இரண்டும் இல்லை. வரைந்தேவிட்டேன். இங்க்ஸ்கேப்பில் Trace Bitmap முதலில் படிக்கட்டு மாதிரி ஓரம் கொடுத்தது, வட்டத்துக்கே நாற்பது புள்ளி. அழித்துவிட்டு, படத்தை மங்கலாக்கி அடியில் பூட்டி வைத்து, மேலே வட்டத்தை வட்டக் கருவியாலேயே போட்டேன். நிறத்தை எழுத்தின் தடித்த நடுப்பகுதியில் எடுத்தேன், ஓரத்தில் எடுத்தால் வெளிறிப்போகிறது. வாசகத்தைப் படத்தைப் பார்த்து எழுதவில்லை, தளத்தின் அறிமுகப் பக்கத்தில் இருந்ததைப் படித்துத் தட்டினேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம். பெரிதாக்கும் முயற்சிகளில் ஒரு மாலை முழுக்கப் போயிருந்தது.

கோடுவரைபவர்:
வரைந்ததை 180 பிக்சலுக்குச் சுருக்கி மூலத்தின் மேல் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் Difference முறையில் பாருங்கள். முழுக்கக் கறுப்பு வராது, ஜேபெக் இரைச்சல் தெரியும். ஆனால் எங்காவது தெளிவான பிறை வடிவம் தெரிந்தால் அந்த இடத்தில் வளைவு தப்பு.

தூரிகைக்காரன்:
பார்த்தேன். வட்டம் சரி. பெரிய எழுத்தில் ஒரு வால் ஓரமாகப் பிறை தெரிகிறது. எழுத்துரு எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, நெருங்கிய ஒன்றை எடுத்துப் புள்ளிகளை நகர்த்தியிருக்கிறேன். அந்த வால் மூலத்திலேயே இரண்டு பிக்சல்தான், கூர்மையா மழுங்கலா என்று தெரியவில்லை. லோகோ அவர்களுடையது என்பதால் இரண்டு விதமாகவும் வரைந்து கேட்டு அனுப்பியிருக்கிறேன்.

சதுரன்:
அவருக்கே தெரியாவிட்டால்?

தூரிகைக்காரன்:
அவர்கள் அலுவலகப் பெயர்ப் பலகையை நேராக நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.