டிபி மாத்திரையும் டாக்ரோலிமஸும் ஒன்றாக எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

தம்பிக்கு அம்மாவின் கிட்னி வைத்து 14 மாதம் ஆகிறது. கிரியேட்டினின் 1.2லேயே நின்றிருந்தது. போன மாதம் விடாத காய்ச்சல், பார்த்தால் டிபி. ரிஃபாம்பிசின் சேர்த்து மருந்து தொடங்கினார்கள், இரண்டே வாரத்தில் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு 7லிருந்து 3க்கு இறங்கி, கிரியேட்டினின் 1.6 ஆகிவிட்டது. ஒரு வேளைகூட அவன் மாத்திரையை விடவில்லை.

டாக்டர் சொன்னது இதுதான்: புதுக் கிட்னியை அந்நியமாகப் பார்க்கும் டி செல்களை டாக்ரோலிமஸ் அடக்கி வைக்கிறது, ஆனால் ரிஃபாம்பிசின் கல்லீரலையும் குடலையும் தூண்டி அந்த மருந்தை வேகமாகச் சிதைத்துவிடுகிறது. நிராகரிப்பு தொடங்கிவிட்டதா என்று பார்க்க நாளை பயாப்ஸி. வலியோ வீக்கமோ எதுவும் இல்லை, ரத்தப் பரிசோதனை செய்திருக்காவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

இதைக் கடந்தவர்கள் சொல்லுங்கள். டாக்ரோலிமஸை எத்தனை மடங்கு கூட்டினார்கள், இல்லை ரிஃபாம்பிசினுக்குப் பதில் ரிஃபாபுடினுக்கு மாற்றினார்களா? காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்கும் அந்த அளவுப் பரிசோதனையை வாரம் எத்தனை முறை எடுத்தீர்கள்? அப்புறம், ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் அளவு திரும்ப ஏறுமாமே, அப்போது டோஸை எப்படிக் குறைத்தார்கள்? டாக்டரிடம் கேட்காமல் எதையும் மாற்ற மாட்டோம், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.