பொருள்: உதவித்தொகை நிதி, 27-ஆம் ஆண்டுப் பிள்ளைக்கு என்ன பதில்?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து பொருளாளர்:

ஊரவர் அனைவருக்கும் வணக்கம். ஒரு லட்சம் ரிங்கிட்டை 4 விழுக்காட்டு நிரந்தர வைப்பில் போட்டு, முதலாண்டு முடிவில் 4,000 கொடுத்து, கட்டண உயர்வுக்கு ஈடாக ஆண்டுதோறும் 4 விழுக்காடு கூட்டிக்கொண்டே போவதென்று பொங்கல் கூட்டத்தில் முடிவெடுத்தோம். வட்டியைத்தானே கொடுக்கிறோம், முதல் கரையாது என்று சொன்னபோது நானும் தலையாட்டினேன். அது முதலாண்டுக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாம் ஆண்டில் வட்டி 4,000. கொடுக்க வேண்டியதோ 4,160. வட்டியும் உயர்வும் ஒரே விகிதம் என்பதால், எந்த ஆண்டின் தொகையை எடுத்துக்கொண்டாலும் அதன் இன்றைய மதிப்பு, அதாவது அதற்காக இன்றே ஒதுக்கிவைக்க வேண்டியது, 3,846 ரிங்கிட்தான். லட்சத்தில் அப்படி 26 பங்கு உண்டு, 27-ஆவது இல்லை.

பினாங்கிலிருந்து பெரியப்பா:

ஐயா பெயரில் வைக்கும் நிதி வற்றிப்போகும் என்று எழுதுவதற்கு உனக்குக் கை கூசவில்லையா? இருபது ஆண்டு கொடுத்த பிறகும் பாதிக்கு மேல் மிஞ்சும் என்று மருமகன் கணக்குப் போட்டுக் காட்டினார். தேர்க் கணக்கிலும் நீ இப்படித்தான் கடைசி நேரத்தில் கலவரம் செய்தாய்.

செந்தூலிலிருந்து அக்கா:

என் ஊழியர் சேமநிதிக்குச் சட்டப்படியே குறைந்தது 2.5 விழுக்காடு உண்டு, வருவது அதைவிடக் கூடுதல். இந்தப் பணத்தையும் அங்கேயே போட்டால் என்ன? கட்டணம் கட்ட அப்பா உண்டியலில் பணம் அனுப்பிய காலம் நினைவுக்கு வருகிறது.

பொருளாளர்:

அக்கா, சேமநிதிக் கணக்கு தனியாளுக்கு உரியது, சங்கத்தின் பணம் அதில் சேராது.

பெரியப்பா, மருமகன் சொன்னது சரிதான்: 20-ஆம் ஆண்டு முடிவில் 50,564 இருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு அதற்கு வரும் வட்டி ஏறத்தாழ 2,023, கொடுக்க வேண்டியதோ 8,764. மிச்சப் பாதி ஆறே ஆண்டில் கரைந்துவிடும். வங்கிக் கணக்குப் புத்தகத்தின் மீதியைப் பார்த்து நிம்மதியடையக் கூடாது. கொடுப்பது வட்டியை மிஞ்சும் முதல் ஆண்டைத்தான் கவனிக்க வேண்டும். நமக்கு அது இரண்டாம் ஆண்டே வந்துவிடுகிறது.

வட்டி r, உயர்வு g, முதல் தொகை C என்றால், n ஆண்டுக்குத் தேவையான மூலதனம் இது; r = g ஆகும்போது மட்டும் nC/(1+r):

```
PV = C/(r-g) * (1 - ((1+g)/(1+r))^n)
```

நிதி என்றும் நிலைக்க வேண்டுமானால் உயர்வு வட்டிக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போது முதல் தொகை, மூலதனத்தை r−g ஆல் பெருக்கியது. உயர்வை 2 விழுக்காடாக்கினால் தொடக்கம் 2,000 தான். வட்டி 3 ஆகக் குறைந்தால் அதுவும் 1,000 ஆகிவிடும். அந்த ஒரு விழுக்காடுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது ரூபாயில், மாற்று விகிதத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பெரியப்பா:

ஐயா படத்துக்குக் கீழே நின்று இரண்டாயிரத்தை நீட்ட என்னால் முடியாது. 26 ஆண்டென்றே அறிவித்துவிடுவோம். முதல் தொகையை இந்த மாதமே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பொருளாளர்:

இந்த மாதமே கொடுத்தால் 25.