புதுப்பிப்பு: இலவசத் தையல் செய்முறைக்குப் பிறகு விற்பனை

என் பழைய கேள்வி: “தையல் பொருள் கடையில் இலவசச் செய்முறை நடத்துகிறேன். வந்து பார்க்கிறார்கள், எதுவும் வாங்காமல் போகிறார்கள். என்ன செய்யலாம்?”

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. “நீங்கள் தைக்காதீர்கள், அவர்களைத் தைக்க விடுங்கள்” என்ற தையல் ஆசிரியையின் யோசனைதான் திருப்பம். அன்றைக்கு மட்டும் தள்ளுபடி தரச் சொன்னவர் பாதி சரி: கூட்டம் வந்தது, ஆனால் தள்ளுபடிப் பொருளோடு போய்விட்டது. மூன்றாமவர் தன் இயந்திரம் பனியன் துணியில் தையல் விடுகிறது என்று புலம்பியிருந்தார். அதையே பாடமாக்கினேன்.

வருபவர் முதலில் சாதாரண ஊசியால் பனியன் துணியைத் தைக்கிறார். இடையிடையே தையல் விழாமல் போகிறது. பிறகு முனை உருண்ட ஊசியை அவரே மாட்டுகிறார். அது இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்குவதால், அதே இயந்திரத்தில் தையல் சீராக விழுகிறது. துணியை இழுத்துப் பார்த்துவிட்டு ஊசிப் பொட்டலத்தை அவர்களே கேட்கிறார்கள்.

ஒரு பெண்மணிக்குத் துணியின் அடியில் நூல் வளையம் வளையமாக வந்தது. புது இயந்திரம் வாங்கவே வந்திருந்தார். அழுத்துபாதத்தைத் தூக்கிவைத்து மேல்நூலை மறுபடி கோக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. அன்று எதுவும் வாங்கவில்லை. பின்னர் தங்கையை அழைத்துவந்தார், தங்கை இயந்திரம் வாங்கினார்.

பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களை என்ன செய்வது? முன்பணம் கேட்டால் ‘இலவசம்’ என்ற நம்பிக்கை கெடுமோ என்று தயங்குகிறேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.