அளவுப் பட்டியலில் ‘குண்டு’, ‘ஒல்லி’க்குப் பதிலாக என்ன எழுதலாம்?

வண்ணாரப்பேட்டை குர்த்தி: வீட்டிலிருந்து காட்டன் குர்த்தி விற்கிறேன். என் பட்டியலில் ‘ஒல்லியானவர்களுக்கு 36, நடுத்தரம் 38, 40, குண்டானவர்களுக்கு 42க்கு மேல்’ என்று இருக்கிறது. நேற்று ஒரு அக்கா, “துணி பிடித்திருக்கிறது, ஆனால் குண்டு என்று போட்ட வரியில் விரலை வைக்க மனசு வரலைம்மா” என்று எழுதினார். மரியாதையாக எந்தச் சொல்லைப் போடுவது?

மாம்பலம்வாசி: இதெல்லாம் ஒரு பிரச்சினையா? என் பாட்டி சாகும்வரை என்னைக் குண்டு என்றுதான் கூப்பிட்டாள். வாங்குகிறவர்களும் ‘குண்டு பெண்களுக்கு குர்த்தி’ என்றுதான் தேடுகிறார்கள். சொல்லை எடுத்தால் கடையே கண்ணில் படாது.

கோலம்போடுறவ: பாட்டி கூப்பிடுவதும், காசு வாங்குகிற கடைக்காரர் கூப்பிடுவதும் ஒன்றா சார்? ‘ஹெல்தி’ என்று போடுங்கள். இல்லையென்றால் ‘பூசினாற்போல்’.

மாம்பலம்வாசி: கல்யாண வீட்டில் ஒருத்தர் “நல்லா ஹெல்தியாயிட்டே” என்றால் அது பாராட்டா? அதைக் கேட்டுவிட்டு நான் பந்தியில் இரண்டாவது லட்டைத் தொடவில்லை.

ஒடிசல்: ஒல்லி என்பது மட்டும் திட்டில்லையா? எனக்கு 36 சட்டையே தொளதொள. பாண்டி பஜாரில் ஒரு கடையில் “பசங்க செக்ஷன்ல பாருங்க தம்பி” என்றார்கள். எனக்கு வயது 31. ஆண்கள் சட்டைக்கு 34 எங்கே கிடைக்கும்?

கோலம்போடுறவ: தம்பி, அதற்குத் தனியாகக் கேளுங்கள். இங்கே பேச்சு வேறு.

கத்தரியும் டேப்பும்: இருபது வருடமாகத் தைக்கிறேன். இன்னொரு உரிச்சொல்லைத் தேடுவதில்தான் தப்பு என்று நினைக்கிறேன். குண்டு போனால் ஹெல்தி வரும், கொஞ்ச நாளில் அதுவும் குத்தும். மனுஷியை வர்ணிக்காமல் துணியை வர்ணியுங்கள். ‘குண்டானவர்களுக்கு’ என்பதை ‘இடுப்புக்குக் கீழ் அகலமான வெட்டு’ என்றும், ‘ஒல்லியானவர்களுக்கு’ என்பதை ‘உடம்பை ஒட்டிய தையல்’ என்றும் எழுதலாம்.

எண்ணே போதும்: அவ்வளவு எதற்கு? 36, 38, 40, 42. சொல்லே வேண்டாம். எண்ணுக்கு மானம், அவமானம் கிடையாது.

கத்தரியும் டேப்பும்: சொல்லை எடுப்பது சரி. ஆனால் 42 என்பது உடம்பின் அளவா, துணியின் அளவா? நெய்த காட்டனுக்கு இழுவை கிடையாது, மார்பில் 2 அங்குலமாவது தளர்வு வேண்டும். உடம்பு 42 என்றால் துணி 44 இருக்கணும். சிலர் துணியை மேசையில் விரித்து அளந்து அதையே பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். அதை நம்பி வாங்கினால் கையைத் தூக்கும்போது அக்குள் தையல் விடும்.

போன மாதம் வந்த ஒருவருக்கு மார்பு 41, இடுப்புக்குக் கீழே அகலமான இடத்தில் அளக்கிற சீட் 46. தன்னை ‘நடுத்தரம்’ என்று நினைத்துக்கொண்டு 40 வாங்கியிருந்தார். மார்பில் எப்படியோ நுழைந்துவிட்டது, சீட்டில் சிக்கிக்கொண்டது. நின்றால் பக்கத்து ஓப்பன் இரண்டும் கூரை மாதிரி விரிந்து நின்றன. அப்படி விரிந்தால் சீட் பற்றவில்லை என்று அர்த்தம். அக்குளிலிருந்து மார்பைக் குறுக்கே சுருக்கம் ஓடினால் மார்பு பற்றவில்லை. இவருக்கு நேர்வெட்டில் 42ம் உதவாது. மார்புக்கு 42 எடுத்து, கீழே விரியும் ஏ-லைன் வெட்டில் பார்த்தால் சரியாக அமைந்தது. குண்டா நடுத்தரமா என்கிற கேள்வி இதில் எங்குமே வரவில்லை பாருங்கள்.

வண்ணாரப்பேட்டை குர்த்தி: அண்ணா, அப்போது பட்டியலில் வரி எப்படி இருக்கணும்?

கத்தரியும் டேப்பும்: தலைப்பில் ‘உங்கள் உடம்பின் அளவு, அங்குலத்தில்’ என்று போடும்மா. கீழே மார்புச் சுற்று, சீட் சுற்று, மேல்கைச் சுற்று என்று மூன்று கட்டம். மேல்கையை மறக்காதே. மார்பு சரியாக இருந்தும் கை ஏறாமல் திரும்பி வருகிற உருப்படி என் அனுபவத்தில் நிறைய. உள்ளே தையல் விளிம்பில் எவ்வளவு துணி விட்டிருக்கிறாய் என்பதையும் சொல். பக்கத்துக்கு முக்கால் அங்குலம் இருந்தால் பிரித்துக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

கோலம்போடுறவ: வீட்டில் டேப் இல்லாதவர்கள்?

கத்தரியும் டேப்பும்: சரியாக இருக்கிற பழைய குர்த்தியைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் ஸ்கேலால் அளந்து இரண்டால் பெருக்கச் சொல்லுங்கள். வருவது துணியின் அளவு. அதற்காகத்தான் துணி அளவையும் பக்கத்திலேயே தனிக் கட்டமாகப் போடணும்.

மாம்பலம்வாசி: எல்லாம் சரி, தேடுகிறவர் கண்ணில் எப்படிப் படும்? அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

எண்ணே போதும்: ‘42 முதல் 50 வரை’ என்று தலைப்பிலேயே போட்டால்?

மாம்பலம்வாசி: என் மனைவிக்கு அவள் எண்ணே தெரியாது. யார் அப்படித் தேடுவார்கள்?

வண்ணாரப்பேட்டை குர்த்தி: எண்ணைப் போட்டு ஒரு மாதம் பார்க்கிறேன். ஒல்லி, குண்டு இரண்டையும் இன்று ராத்திரியே எடுத்துவிடுகிறேன். அண்ணா, மேல்கையை எந்த இடத்தில் அளக்கணும்?

கத்தரியும் டேப்பும்: கையைத் தொங்கப் போட்டு, அக்குளுக்கு ஒட்டினாற்போல், பருமனான இடத்தில். டேப்பை இறுக்காதேம்மா.