அந்த 8 பேர் யார்? மேலாளராக இல்லாதவர் ‘குழுவுக்குத் தலைமை’ என்று பயோவில் போடுவது பற்றி

நீலமை:
பழைய சக ஊழியர் ஒருவரின் பயோவில் இன்று பார்த்தேன்: “மூத்த பொறியாளர். பில்லிங் மென்பொருளைப் புதிய தளத்துக்கு மாற்றிய 8 பேர் குழுவுக்குத் தலைமை தாங்கினேன்.” அவர் ஒரு நாளும் மேலாளராக இருந்ததில்லை. நானும் அந்த வேலையில் இருந்தவன். இப்படி எழுதலாமா?

சோதனைக்காரி:
கூடவே கூடாது. நீங்கள் விடுப்புக்கு அவரிடமா போய் நின்றீர்கள்? வருட மதிப்பீட்டில் அவரா கையெழுத்துப் போட்டார்? இரண்டும் இல்லையென்றால் அவர் கூட வேலை பார்த்தவர், அவ்வளவுதான். எங்கள் இடத்திலும் ஒருவர் இப்படித்தான் போட்டுக்கொண்டு திரிகிறார், கேட்டால் ‘எல்லாரும் எழுதுவதுதானே’ என்கிறார்.

ஆளெடுப்பு:
விடுப்பும் மதிப்பீடும் ஆட்களை நிர்வகிப்பது, வேலையை நடத்துவது அதிலிருந்து வேறு. நான் பல வருடமாக நேர்காணல் எடுக்கிறேன், இந்த வரி இல்லாத விண்ணப்பமே அபூர்வம். ஒரு மேலாளரின் கீழ் மூன்று நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும், அவர் வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நாட்களில் வேலையைப் பிரித்துக் கொடுத்து, எழுதிய நிரலைப் பார்த்து உள்ளே விட்டு, வெளியீட்டுக் கூட்டத்தில் ‘போகலாம்’ ‘வேண்டாம்’ என்று சொல்பவர் யாரோ ஒரு மூத்த பொறியாளராகத்தான் இருப்பார். அவர் தலைமை என்று எழுதினால் எனக்கு ஆட்சேபம் கிடையாது. பதவிப் பெயரை மாற்றிப் போட்டால் அது பொய். இவர் மூத்த பொறியாளர் என்றுதானே போட்டிருக்கிறார்?

எனக்கு உறுத்துவது அந்த 8. நீலமை, அந்த எட்டுப் பேரையும் கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்கள்.

நீலமை:
டெவலப்பர்கள் என்னையும் சேர்த்து 4. டெஸ்டர்கள் 2, வேறு குழுவிலிருந்து இரவலாக வந்தவர்கள். டிசைனர் ஒருவர், ஆரம்பத்தில் மூன்று வாரம் இருந்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் அவரே ஒருவர்.

ஆளெடுப்பு:
ஆக, தனக்குத் தானே தலைமை தாங்கியிருக்கிறார். எட்டில் ஒன்று போச்சு. டிசைனர் மூன்று வாரத்தில் போய்விட்டார் என்றால் அவரைக் கடைசிவரை இருந்தவர்களோடு சேர்த்து எண்ணக்கூடாது. டெஸ்டர்களுக்கு இன்று எதைச் சோதிப்பது என்று சொன்னது யார்? அவர்களுடைய சொந்தத் தலைவர் என்றால் அந்த இரண்டும் போச்சு. மிச்சம் 4. நான்கு பேரை நடத்தியவர் 8 என்று எழுதினால், நேர்காணலில் நான் முதலில் கேட்பதே ‘அந்த எட்டுப் பேரின் வேலை என்னென்ன, சொல்லுங்கள்’ என்பதுதான். உண்மையில் நடத்தியவர் மூச்சு விடாமல் சொல்லுவார். எண்ணிக்கையை ஊதியவர் ஐந்தாவது ஆளிலேயே தடுமாறுவார். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சோதனைக்காரி:
டெஸ்டர்கள் போச்சா? எவ்வளவு சுலபமாகக் கழித்துவிட்டீர்கள்! டெவலப்பர் மட்டும் மனிதர், நாங்கள் இரவல் பாத்திரம். குழு என்று சொல்லும்போது எங்களைச் சேர்க்காதீர்கள், வேலை கெட்டுப்போனால் மட்டும் முதல் ஆளாகக் கூப்பிடுங்கள்.

ஆளெடுப்பு:
மேடம், மேலே போய் நீங்கள் எழுதியதைப் படியுங்கள். தலைமையே கிடையாது என்று சொன்னவர் நீங்கள். இப்போது அந்தத் தலைமையின் கீழ் உங்களை எண்ணவில்லை என்று கோபப்படுகிறீர்கள். டெஸ்டர்கள் குழுவில் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்களை இவர் நடத்தவில்லை என்கிறேன். உங்களுக்கு உங்கள் தலைவர் இருந்தார் என்பது உங்களுக்குக் குறைவா?

கோப்புக்கட்டு:
ஏன் இவ்வளவு பேச்சு? பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வார், கதை முடிந்தது. பதவியை மாற்றிப் போட்டவர்களுக்கு வேலை போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆளெடுப்பு:
அவர் பதவியை மாற்றவே இல்லை, பதிவைப் படித்துவிட்டு வாருங்கள். சரிபார்ப்பில் பழைய நிறுவனம் பொதுவாகச் சொல்வது என்ன பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதுதான். யார் யாருக்கு வேலை பிரித்துக் கொடுத்தார்கள் என்பது மனிதவளத் துறையின் கோப்பில் இருக்காது. இந்த மாதிரி வரி பிடிபடுவது நேர்காணலில், இல்லையென்றால் கூட வேலை பார்த்த ஒருவரைப் போனில் கூப்பிட்டு விசாரிக்கும்போது. அந்தப் போன் நீலமைக்கு வந்தால் என்ன சொல்வார் என்று யோசியுங்கள். அதற்குத்தான் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

கோப்புக்கட்டு:
போன முறை வேலை இடைவெளி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் ‘படித்துவிட்டு வாருங்கள்’ என்றீர்கள். உங்களைத் தவிர வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது போல.

ஆளெடுப்பு:
அந்த விவாதத்திலும் நீங்கள் படிக்காமல்தான் வந்தீர்கள்.

இரவுப்பணி:
நான் மென்பொருள் ஆள் இல்லை, நர்ஸ். இரவு ஷிப்டில் வார்டு பொறுப்பு என்னிடம். யாருக்கு எந்த நோயாளி என்று பிரிப்பது, யாராவது வராவிட்டால் பக்கத்து வார்டிலிருந்து ஆள் கேட்பது, ஒருவருக்கு நிலைமை மோசமானால் டாக்டரை அழைக்கச் சொல்வது எல்லாம் நான்தான். பதவி என்னவோ நர்ஸ்தான், மேலாளர் காலையில் வருவார். சோதனைக்காரி சொல்கிறபடி பார்த்தால் ராத்திரி முழுக்க அந்த வார்டுக்குத் தலைமையே இல்லை. அப்படியா?

சோதனைக்காரி:
அது வேறு. உங்களிடம் பொறுப்பை எழுத்தில் கொடுத்திருப்பார்கள், ஷிப்டு பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே ‘பொறுப்பு’ என்று இருக்கும். நீலமையின் ஆளுக்கு அப்படி எதுவும் இல்லை, தானாக எடுத்துக்கொண்டார்.

ஆளெடுப்பு:
இது கொஞ்சம் சரியான பேச்சு. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது மட்டுமே அடையாளம் இல்லை. நான் பார்ப்பது, கசப்பான ஒரு முடிவை எடுத்தது யார் என்பதை. நீலமை, அந்த வேலையில் எப்போதாவது வெளியீட்டைத் தள்ளிப் போட்டீர்களா? யார் சொல்லித் தள்ளினீர்கள்?

நீலமை:
ஒருமுறை தள்ளினோம். பழைய மென்பொருளையும் புதியதையும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, இரண்டின் பில் தொகைகளையும் ஒப்பிட்டோம். சில பில்களில் சில்லறை வித்தியாசம் வந்தது. பழையது பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வரியைக் கணக்கிட்டு ரவுண்ட் செய்தது, புதியது கடைசி மொத்தத்தில் மட்டும். மேலாளர் விடுமுறையில் இருந்தார். பயோ எழுதியவர்தான் கூட்டத்தில் ‘இந்த வாரம் போக வேண்டாம்’ என்றார், விற்பனைத் தரப்பிடம் திட்டும் வாங்கினார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 8 பேர் என்று எழுதியது தப்புதான்.

சோதனைக்காரி:
அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது யார், அதையும் சொல்லுங்கள்.

நீலமை:
டெஸ்டர்கள்.

சோதனைக்காரி:
போதும். கண்டுபிடித்தது நாங்கள், தலைமை அவர்.

ஆளெடுப்பு:
கண்டுபிடித்ததற்கான பெருமை உங்களுக்கே, அதை உங்கள் பயோவில் எழுதுங்கள், நேர்காணலுக்கு வந்தால் நான் அதைப் பற்றித்தான் கேட்பேன். ஆனால் நிறுத்தச் சொல்லித் திட்டு வாங்கியவர் அவர். இது போதும், தலைமை என்று எழுதிக்கொள்ள. நானாக இருந்தால் அந்த வரியை இப்படி மாற்றச் சொல்வேன்: “மூத்த பொறியாளர். பில்லிங் மாற்றப் பணியில் 4 டெவலப்பர்களின் அன்றாட வேலையை நடத்தினேன். டெஸ்டிங் குழுவோடு சேர்ந்து வெளியீட்டை முடிவு செய்தேன்.” 8 இல்லை, 4. யார், என்ன வேலை என்று தெரிகிறது. டெஸ்டர்களும் தங்கள் இடத்தில் இருக்கிறார்கள். நீலமைக்குப் போன் வந்தால் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று. இதே வரியோடு மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்தால் போதாது. அங்கே படிப்பவர், இவர் சம்பள உயர்வு பேசியிருப்பார், ஆளை வேலைக்கு எடுத்திருப்பார் என்று தானாக நினைத்துக்கொள்வார். அதனால் ‘நிர்வாக ரீதியாக அவர்கள் துறை மேலாளரின் கீழ் இருந்தார்கள்’ என்று விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பலரும் இதை எழுதப் பயப்படுகிறார்கள். எழுதியவர்களை நான் கழித்ததில்லை, நேர்காணலின் நடுவில் அது தானாக வெளிவந்தவர்களைத்தான் கழித்திருக்கிறேன்.

கோப்புக்கட்டு:
பயோ என்பது இரண்டு வரி. அதில் இவ்வளவு விளக்கம் எங்கே போடுவது? கருத்தரங்கில் பேச்சாளர் குறிப்பு என்று ஐம்பது சொல்தான் கொடுப்பார்கள்.

ஆளெடுப்பு:
அப்படியானால் எண்ணையே எடுத்துவிடுங்கள். ‘பில்லிங் மாற்றப் பணியைத் தொழில்நுட்ப ரீதியாக நடத்தியவர்’, முடிந்தது. யார் 8 கேட்டார்கள்? எண் போட்டால்தான் எடை கூடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் இந்த வம்பெல்லாம்.

நீலமை:
நீங்கள் 4 என்று ஒத்துக்கொள்வதே எனக்குப் பிடிக்கவில்லை. என் வேலையை அவர் பிரித்துக் கொடுக்கவில்லை. அறிக்கைப் பகுதி முழுக்க நானே எடுத்துச் செய்தேன். அவர் வாரா வாரம் ‘எவ்வளவு முடிந்தது’ என்று மட்டும் கேட்பார்.

ஆளெடுப்பு:
உங்கள் நிரலைப் பார்த்து உள்ளே விட்டது யார்?

நீலமை:
அவர்தான். அது எல்லாரும் எல்லாருக்கும் செய்வது.

ஆளெடுப்பு:
அவர் நிரலை நீங்கள் பார்த்து உள்ளே விட்டீர்களா?

நீலமை:
சில சமயம்.

ஆளெடுப்பு:
சில சமயம்! சரி, உங்கள் பயோவில் அந்த வேலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்?

நீலமை:
அது இங்கே தேவையில்லாத கேள்வி. நான் எட்டுப் பேரில் ஒருவனாகக் கணக்கில் வந்தேனா இல்லையா என்பதுதான் கேள்வி. வந்தேன். என்னைக் கேட்காமல் வந்தேன்.

சோதனைக்காரி:
அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். நம்மைக் கேட்காமல் நம்மை எண்ணிக்கொள்கிறார்கள். பதவி இருப்பவர் எண்ணினால் அது நிறுவனத்தின் பட்டியல், பதவி இல்லாதவர் எண்ணினால் அது அவருடைய ஆசை.

ஆளெடுப்பு:
பதவி இருந்து ஒரு வேலையும் நடத்தாதவர்களின் பயோவில் 40, 50 என்று பார்த்திருக்கிறேன், அதற்கு உங்களுக்குக் கோபமே வரவில்லை.

இரவுப்பணி:
சண்டைக்கு நடுவில் என் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஷிப்டில் ஒரு ராத்திரி 9 பேர், ஒரு ராத்திரி 14 பேர். மாதத்துக்கு மாதம் ஆட்களும் மாறுவார்கள். நான் எந்த எண்ணைப் போடுவது?

ஆளெடுப்பு:
‘ஒரு ஷிப்டுக்கு 9 முதல் 14 நர்ஸ்கள்’ என்று போடுங்கள். எத்தனை படுக்கை என்பதையும் சேருங்கள், உங்கள் துறையில் படிப்பவருக்கு அதுதான் உடனே புரியும். மாதம் முழுக்க வந்துபோனவர்களைக் கூட்டி 30 என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சோதனைக்காரி:
பக்கத்து வார்டிலிருந்து கேட்டு வாங்கிய ஆள் அந்த 14இல் சேர்த்தியா?

ஆளெடுப்பு:
அன்று ராத்திரி நோயாளியை ஒதுக்கிக் கொடுத்தது இவர் என்றால் சேர்த்தி.

சோதனைக்காரி:
அப்படியென்றால் இரவல் டெஸ்டரும் சேர்த்தி. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ஆளெடுப்பு:
ஒதுக்கிக் கொடுத்தது யார் என்றுதானே கேட்டேன்! உங்கள் தலைவர்தானே?

நீலமை:
டெஸ்டர்களைச் சேர்த்தாலும் 8 வராது. 6 தான்.