ஆத்தாவின் முழங்கால் ரிப்போர்ட்

வள்ளி: ஆத்தாவின் எம்.ஆர்.ஐ ரிப்போர்ட் வந்துவிட்டது. போன வாரம் வளவிலிருந்து படியேறும்போது முழங்கால் திருகிக்கொண்டதே, அதற்கு எடுத்தது. கடைசியில் இம்ப்ரெஷன் என்று போட்டு, "மீடியல் மெனிஸ்கஸ் பின்பகுதியில் கிரேடு 2 டேர், எம்.சி.எல் கிரேடு 1 ஸ்ப்ரெயின்" என்று இருக்கிறது. இரண்டு இடத்தில் ஜவ்வு கிழிந்திருக்கிறதா? பயமாக இருக்கிறது.

சித்தப்பா: 3 என்றால் முழுக் கிழிசல். அப்படியானால் 2 பாதிக் கிழிசல். ஆபரேஷன் சொல்வார்கள், பணத்துக்கு யோசிக்காதே.

அலமு ஆச்சி: எனக்கு மூட்டையே மாற்றினார்களே. மூன்று மாதத்தில் கோயிலுக்கு நடந்து போனேன். ஆத்தாளைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லு.

மீனா (பிசியோ): ஆச்சி, உங்களுக்குத் தேய்மானம், இது வேறு. வள்ளி, மெனிஸ்கஸ் பற்றி முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

வள்ளி: "கிரேடு 2 சிக்னல், மூட்டுப் பரப்பைத் தொடவில்லை." ஏ.சி.எல் என்ற லிகமென்ட் நன்றாக இருக்கிறதாம். மூட்டில் லேசாக நீர்.

மீனா (பிசியோ): அந்த "தொடவில்லை"தான் முக்கியம். நாம் எல்லாவற்றையும் ஜவ்வு என்று சொல்லிவிடுகிறோம், அதனால்தான் குழப்பம். மெனிஸ்கஸ் இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்கும் பிறை வடிவ மெத்தை. படத்தில் அதற்குள்ளே வெள்ளைக் கோடு தெரிந்து, மெத்தையின் மேற்பரப்புவரை வராமல் நின்றால் கிரேடு 2. பரப்பைத் தொட்டால் 3, அதுதான் கிழிசல். ஆத்தாவின் 58 வயதில் உள்ளே இப்படிக் கோடு தெரிவது சாதாரணம், வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும்.

சித்தப்பா: அப்போது பாதிக் கிழிசல் இல்லையா?

மீனா (பிசியோ): எம்.சி.எல் என்பது லிகமென்ட், அதற்குத்தான் அந்தக் கணக்கு, சித்தப்பா. அது எலும்புகளைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் நாடா. அதில் 2 என்றால் ஒரு பகுதி கிழிந்தது, 3 என்றால் முழுவதும் அறுந்தது. ஆத்தாவுக்கு 1, நார் இழுபட்டு வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டிலும் எண் ஒன்று போலிருந்தாலும் அளவுகோல் வேறு.

வள்ளி: அப்படியானால் ஏன் டேர் என்று போட்டார்கள்?

மீனா (பிசியோ): சில இடங்களில் கிரேடு 2-ஐயும் அப்படி எழுதிவிடுகிறார்கள். ஆனால் நான் படத்தைப் பார்க்கவில்லை. சிடியை டாக்டரிடம் கொடுத்து, "பரப்பைத் தொடுகிறதா?" என்று கேள். ஆத்தா, முழங்காலை முழுவதும் நீட்ட முடிகிறதா? நடுவில் பூட்டிக்கொள்கிறதா?

ஆத்தா: நீட்ட முடிகிறது. பூட்டவில்லை. படியிறங்கினால் உள்பக்கம் சுருக்கென்கிறது.

மீனா (பிசியோ): விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பு இரண்டும் சேரும் பள்ளத்தில் வலியா, அதற்கு மேலேயா?

ஆத்தா: மேலே, எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில். பள்ளத்திலும் கொஞ்சம்.

மீனா (பிசியோ): மேலே வலிப்பது லிகமென்டாக இருக்கலாம். பள்ளத்து வலியை டாக்டர் கையால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுவரை சம்மணம் போட வேண்டாம், முழங்காலைத் திருப்ப வேண்டாம். கால் பூட்டிக்கொண்டால் மட்டும் காத்திருக்காமல் உடனே போங்கள்.

வள்ளி: சரி. வியாழக்கிழமை காரைக்குடியில் டாக்டரைப் பார்க்கிறோம். சிடியை இப்போதே பையில் வைத்துவிட்டேன்.