வாடிக்கையாளர் பேட்டி வீடியோ: எதை வெட்டுவது, எதை விடுவது?

எடிட்டிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். எங்கள் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் ஒருவரைப் பேட்டி எடுத்தோம். "பிடித்திருக்கிறதா?" என்றதற்கு ஒப்பிப்பதுபோல் பாராட்டினார். "வாங்கும் முன் எதற்குத் தயங்கினீர்கள்?" என்றதும்தான் மனிதர் இயல்பாகப் பேசினார்: "முதல் மாசம் நம்பிக்கை இல்ல, பழைய நோட்டுலயும் சேர்த்தே எழுதினேன். இப்போ... ம்... நோட்டைத் தொடுறதே இல்ல."

அந்த "ம்..." இழுவையை வெட்டினால் முகம் துள்ளுகிறது. மேலே வேறு காட்சி போட்டு மறைக்கலாம். ஆனால் அவர் யோசிக்கும் முகம்தானே நம்ப வைக்கிறது? முதலாளியோ "நம்பிக்கை இல்ல"வைத் தூக்கச் சொல்கிறார். தூக்கினால் வாடிக்கையாளர் சொன்னதன் பொருளே மாறிவிடும் என்பது என் கட்சி. இன்னொன்று: என் குரல் வீடியோவில் வராது, அதனால் பதில் மொட்டையாகத் தொடங்குகிறது. கேள்வியை எழுத்தாகப் போடலாமா, அல்லது கேள்வியையும் சேர்த்துச் சொல்லும்படி அவரை மறுபடி பேச வைக்கலாமா? இரண்டாம் முறை மறுபடி ஒப்பித்துவிடுவாரோ என்று பயம்.